கையொப்பம் யாருடையது? திரும்பிய காசோலைக் கடிதம் ஒன்றைத் திருத்தி எழுதிய நிகழ்வு ஆய்வு

கவுன்டரின் மீது அவர் இரண்டு கடிதங்களை அருகருகே வைத்தார். இரண்டும் எங்கள் கிளையிலிருந்து போனவை. தேதியைத் தவிர ஓர் எழுத்துகூட மாறவில்லை. பக்கத்தில் பாஸ்புக்கையும் விரித்து வைத்துவிட்டு, "ஐயா, நீங்கள் சொன்னபடியேதானே செய்தேன்? பிறகு ஏன் மறுபடியும் திருப்பினீர்கள்?" என்று கேட்டார்.

அந்தப் பெண்மணி ஒரு சிறு தையலகம் நடத்துகிறார். துணி தைத்துக் கொடுத்ததற்காக ஒருவர் அவருக்கு 48,000 தொகைக்குக் காசோலை கொடுத்திருந்தார். மார்ச் 5 அன்று அதைத் தம் கணக்கில் போட்டார். மார்ச் 7 அன்று அது திரும்பியது. எங்கள் கடிதம் கிடைத்ததும் கிளைக்கு வந்து, தம் மாதிரிக் கையொப்ப அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டு, அதே காசோலையை மறுபடியும் போட்டார். அதுவும் திரும்பியது. இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. காசோலை கொடுத்தவருக்கோ, தம் காசோலை திரும்பிய செய்தியே தெரியாது. அவரிடம் கேட்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை.

வாடிக்கையாளர் கடிதங்களை எழுதுவதும் சரிபார்ப்பதும் என் வேலை. அந்தக் கடிதத்தின் வார்ப்பு பல ஆண்டுகளாக என் மேசையைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. அதை முழுவதுமாகத் தருகிறேன்:

> அன்புடையீர், தங்களது காசோலை (எண் 000417, தொகை 48,000) கீழ்க்கண்ட காரணத்தால் திரும்பப் பெறப்பட்டது.
> காரணம்: கையொப்பம் வேறுபடுகிறது.
> தேவைப்படின் காசோலையை மீண்டும் சமர்ப்பிக்கலாம்.
> விதிகளின்படி உரிய கட்டணம் தங்கள் கணக்கில் பற்று வைக்கப்படும்.

நான்கே வரிகள். இலக்கணப் பிழை கிடையாது. வங்கியில் வேலை செய்பவர் யார் படித்தாலும் உடனே புரியும். ஆனால் அந்தப் பெண்மணி படித்தபோது, நான்கு வரிகளும் அவரைத் தவறான திசைக்கே அனுப்பின.

"தங்களது காசோலை" என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. காசோலை ஒன்றுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு: எழுதிக் கொடுத்தவர் ஒருவர், வாங்கிக் கணக்கில் போட்டவர் இன்னொருவர். இருவருமே "என் காசோலை" என்றுதான் சொல்வார்கள். "திரும்பப் பெறப்பட்டது" அடுத்த குழப்பம். பெற்றது யார்? எங்களுக்கு அது திரும்பி வந்தது என்று சொல்ல நினைத்தோம். படிப்பவருக்கோ யாரோ காசோலையை ரத்து செய்து வாங்கிக்கொண்டதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அதைத் திருப்பியது, காசோலை எழுதிக் கொடுத்தவர் கணக்கு வைத்திருக்கும் மறுபக்க வங்கி. அந்த வங்கியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் அவர், "ஏன் திருப்பினீர்கள்?" என்று எங்களைக் கேட்டார்.

பெருங்கேடு செய்தது இரண்டாம் வரி. மறுபக்க வங்கி அனுப்பிய காரணச் சீட்டில், காசோலையை எழுதிக் கொடுத்தவரின் கையொப்பம் பொருந்தவில்லை என்று தெளிவாகவே இருந்தது. அந்தக் காரணத்துக்கு உரிய குறியீட்டு எண்ணைக் கணினியில் கொடுத்தால், எங்கள் வார்ப்பு அதைத் தமிழ் வரியாக மாற்றும். இடம் போதவில்லை என்று எப்போதோ யாரோ "எழுதிக் கொடுத்தவரின்" என்பதை வெட்டிவிட்டிருக்கிறார்கள். கையொப்பம் மட்டும் மிஞ்சியது. அதற்கு உரியவர் காணாமல் போனார். நம் மொழியில் யாருடையது என்ற சொல்லை விட்டுவிட்டால் வாக்கியம் உடைவதில்லை. படிப்பவர் தமக்குத் தெரிந்த ஆளை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்வார். "தங்களது காசோலை" என்று தொடங்கிய கடிதத்தில், "கையொப்பம்" என்றால் தம்முடையதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டதில் என்ன தவறு? பணம் போடும் சீட்டிலும் காசோலையின் பின்புறத்திலும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டையும் நினைவில் ஒப்பிட்டு, "வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, அதனால்தான்" என்று முடிவுக்கு வந்திருக்கிறார்.

மூன்றாம் வரி அந்த முடிவுக்கு முத்திரை குத்தியது. மீண்டும் சமர்ப்பிக்கலாம் என்று வங்கியே எழுதியிருக்கும்போது, கையொப்பத்தைச் சரிசெய்துகொண்டு மீண்டும் போடுவதுதானே நியாயமான அடுத்த படி?

இந்த வரி எல்லாக் காரணங்களுக்கும் ஒரே மாதிரி அச்சாகிக்கொண்டிருந்தது. கணக்கே மூடப்பட்டுவிட்டது என்று திரும்பிய காசோலைக்கும் இதே வரிதான். மீண்டும் போடலாமா என்பது தனியான தகவல் அல்ல, காரணத்திலிருந்து பிறப்பது. ஆகவே காரணக் குறியீடு மாறும்போது இந்த வரியும் மாறியே தீர வேண்டும்.

காரணங்களை எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் "இதைச் சரிசெய்யக்கூடியவர் யார்?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தோம். கணக்கில் போதிய பணம் இல்லை என்றால், காசோலையில் குறை எதுவும் கிடையாது. எழுதியவர் தம் கணக்கில் பணம் போட்டால் போதும், அதே தாளை மறுபடியும் வசூலுக்கு அனுப்பலாம். தேதி வருமுன் போட்டுவிட்டதால் திரும்பியது என்றால், போட்டவர் அந்தத் தேதி வரும்வரை காத்திருந்தால் போதும். கையொப்பம் பொருந்தவில்லை, எழுத்தில் உள்ள தொகையும் எண்ணில் உள்ள தொகையும் வேறு, தேதி காலாவதியாகிவிட்டது என்பனவற்றில் குறை தாளிலேயே இருக்கிறது. புதிய காசோலை கேட்டு வாங்குவதே பாதுகாப்பான வழி. பணம் தர வேண்டாம் என்று எழுதியவரே நிறுத்திவைத்திருந்தாலும், கணக்கு மூடப்பட்டிருந்தாலும், எத்தனை முறை போட்டாலும் கட்டணம்தான் ஏறும். அங்கே பேச வேண்டிய இடம் வங்கி அல்ல, காசோலை கொடுத்தவர்.

சில காரணச் சீட்டுகளில் "காசோலை கொடுத்தவரை அணுகவும்" என்று மட்டும் இருக்கும். எங்கள் ஊழியர்கள் அதைப் "பணம் இல்லை" என்று விளக்கி எழுதிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் கடிதத்தில் அப்படி எழுதக்கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். மறுபக்க வங்கி சொல்லாத ஒன்றை நாம் எழுதினால், ஒருவரின் நாணயத்தின் மீது ஆதாரமில்லாமல் பழி போடுகிறோம். "திருப்பிய வங்கி காரணத்தைத் தெரிவிக்கவில்லை, காசோலை கொடுத்தவரையே கேட்கும்படி குறித்திருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

பணம் குறைவு என்ற காரணத்திலும் ஓர் எல்லை உண்டு. எவ்வளவு குறைகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அந்தத் தொகை நமக்குத் தெரியாது, ஏனென்றால் மறுபக்க வங்கி காரணத்தை மட்டுமே அனுப்புகிறது. இரண்டு கணக்குகளும் ஒரே வங்கியில் இருந்து, தொகை நம் கண்ணெதிரே தெரிந்தாலும் சொல்லக்கூடாது. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வங்கி வெளியிடக்கூடாது என்ற கடமையை, இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1920-களில் டூர்னியர் வழக்கில் வகுத்தது. வங்கிச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் முதலில் படிக்கும் வழக்குகளில் அது ஒன்று. கடிதத்தைத் தெளிவாக்குகிறோம் என்ற ஆர்வத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடக்கூடாது.

கட்டணத்துக்கு வருகிறேன். பாஸ்புக்கில் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "48,150 எடுத்திருக்கிறீர்கள். அதுவும் இரண்டு தடவை" என்றார் அவர். நானும் கூட உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். காசோலை போடுமுன் கணக்கில் இருந்தது 6,200. மார்ச் 5 அன்று 48,000 வரவாகி 54,200 ஆனது. மார்ச் 7 அன்று 48,000 பற்று, மீதி 6,200. அதே நாளில் 150 பற்று, மீதி 6,050. இரண்டாம் முறையும் இதே வரிசை, முடிவில் 5,900. ஆகவே அவர் கையைவிட்டுப் போனது 300 மட்டுமே. ஆனால் பாஸ்புக் அச்சில் 48,000 பற்றும் 150 பற்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே மாதிரியான சுருக்கெழுத்தோடு நிற்கின்றன. முன்பு வைத்த வரவு தற்காலிகமானது, பணம் வந்து சேராததால் அதைத் திரும்ப எடுத்தோம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தம் சொந்தப் பணத்தில் 48,000 போய்விட்டது என்று மூன்று வாரமாக அவர் நம்பியிருக்கிறார். அந்த மூன்று வாரம் அவர் எப்படித் தூங்கினார் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதில் எங்கள் கடிதத்தின் பங்கும் இருந்தது. "உரிய கட்டணம் பற்று வைக்கப்படும்" என்று அது எதிர்காலத்தில் பேசியது. கடிதம் கைக்குக் கிடைக்குமுன்பே கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே படிப்பவர் பாஸ்புக்கில் உள்ளதைக் கட்டணம் என்று அடையாளம் காண மாட்டார். இனிமேல் வேறு ஏதோ வரப்போகிறது என்று பயப்படுவார். "விதிகளின்படி" என்ற சொல் தொகையை மறைத்தது. மீண்டும் போட்டுத் திரும்பினால் மீண்டும் 150 என்பது எங்குமே இல்லை. மீண்டும் போடலாம் என்று சொல்லும் வரிக்கும் கட்டண வரிக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய பாலம் அதுதான்.

முதல் திருத்தத்தை நான் ஒரே நாளில் எழுதினேன். அது ஒரு முழுப் பக்கம் வந்தது. எல்லாக் காரணங்களையும் விளக்கி, பொருந்துவதற்கு நேரே ஒரு குறி போடும்படி அமைத்திருந்தேன். மேலாளர் படித்துப் பார்த்து, "நம் வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறீர்கள்" என்றார். அவர் சொன்னது சரி. ஒருவருக்கு வேண்டியது அவருடைய காசோலைக்கான ஒரே காரணம். மற்றவை கணினிக்குள் இருந்தால் போதும். இரண்டாம் திருத்தத்தில், ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே ஒரு காரண வாக்கியமும் ஓர் அடுத்த படி வாக்கியமும் இணையாக வைத்தோம். ஒன்று வந்தால் மற்றதும் கூடவே வரும்.

அந்தத் திருத்தத்தை அந்தப் பெண்மணியிடமே கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னேன். புரிகிறதா என்று கேட்டால் மரியாதைக்காகப் புரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். உரக்கப் படிக்கும்போது குரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். "காசோலையை வழங்கியவரின் கையொப்பம்" என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. "வழங்கியவர் என்றால் வங்கியா? காசோலைப் புத்தகம் வழங்குவது வங்கிதானே?" என்று கேட்டார். நாங்கள் நாள் முழுவதும் புழங்கும் சொல். அதற்கு இப்படி ஒரு பொருள் இருப்பது என் காதில் விழுந்ததே இல்லை. "கையெழுத்துப் போட்டு உங்களிடம் கொடுத்தவர்" என்று நீட்டி எழுதினோம். வரி நீண்டது, ஐயம் போயிற்று.

இறுதியாக அவருடைய காசோலைக்கு அமைந்த கடிதம் இது:

> பொருள்: நீங்கள் மார்ச் 5 அன்று போட்ட காசோலைக்குப் பணம் வரவில்லை
>
> அன்புள்ள வாடிக்கையாளருக்கு,
>
> நீங்கள் மார்ச் 5 அன்று உங்கள் கணக்கில் போட்ட 48,000 தொகைக்கான காசோலையை (எண் 000417, காசோலைத் தேதி மார்ச் 3), அதற்குப் பணம் தர வேண்டிய வங்கி மார்ச் 7 அன்று திருப்பி அனுப்பிவிட்டது.
>
> காரணம்: காசோலையில் கையெழுத்துப் போட்டு உங்களிடம் கொடுத்தவரின் கையொப்பம், அவருடைய வங்கியில் உள்ள மாதிரிக் கையொப்பத்தோடு பொருந்தவில்லை. உங்கள் கையொப்பத்தில் எந்தக் குறையும் இல்லை.
>
> இனிச் செய்ய வேண்டியது: இதே காசோலையை மீண்டும் போட வேண்டாம், அதே காரணத்தால் மறுபடியும் திரும்பக்கூடும். காசோலை கொடுத்தவரிடம் புதிய காசோலையையோ வேறு வழியில் பணத்தையோ கேட்டுப் பெறுங்கள். மூலக் காசோலையும், திருப்பிய வங்கியின் காரணச் சீட்டும் இத்துடன் உள்ளன. இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.
>
> உங்கள் கணக்கில்: மார்ச் 5 அன்று தற்காலிகமாக வரவு வைத்த 48,000, மார்ச் 7 அன்று திரும்ப எடுக்கப்பட்டது. இது கட்டணம் அல்ல. காசோலை திரும்பியதற்கான கட்டணம் 150, வரி உட்பட, அன்றே எடுக்கப்பட்டது. இந்த முறை திரும்பியதற்கு இனி வேறு கட்டணம் இல்லை. மீண்டும் போட்டுத் திரும்பினால், ஒவ்வொரு முறையும் 150 எடுக்கப்படும்.

பணம் போதாமல் திரும்பியிருந்தால், காரணமும் அடுத்த படியும் மட்டும் மாறும்: "காசோலை கொடுத்தவரின் கணக்கில் போதிய பணம் இல்லை. அவர் தம் கணக்கில் பணம் போட்டதை உறுதிப்படுத்திக்கொண்டு, இதே காசோலையை மீண்டும் போடலாம். இந்தக் காசோலை செல்லும் கடைசி நாள்" என்று எழுதி, அந்தத் தேதியை நாங்களே கணக்கிட்டு அச்சிடுகிறோம். வாடிக்கையாளரைக் கணக்கிட விடக்கூடாது. கெடு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. இந்தியாவில் 2012 ஏப்ரல் முதல், காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம். ஆறு மாதக் கெடு உள்ள நாடுகளும் உண்டு. உறுதிப்படுத்திக்கொண்டு என்ற சொல்லையும் விடக்கூடாது. பணம் வந்திருக்கும் என்ற நம்பிக்கையில் மறுநாளே போட்டுவிட்டு, இன்னொரு 150 கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தில் மார்ச் 7 என்ற திரும்பிய தேதியைத் தனியே எழுதியதற்கும், காரணச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னதற்கும் வேறொரு தேவை இருக்கிறது. காசோலை திரும்பிய விவகாரம் சட்டத்தின் பக்கம் போனால், நாள் கணக்கு மிகக் கண்டிப்பானது. உதாரணத்துக்கு இந்தியச் சட்டத்தில், காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாளுக்குள், எழுதியவருக்கு எழுத்தில் கோரிக்கை போக வேண்டும். அது கிடைத்தபின் பணம் தர அவருக்கு 15 நாள் உண்டு. எங்கள் கடிதம் அந்தக் கோரிக்கை ஆகாது. சட்ட ஆலோசனையும் அதில் சொல்வதில்லை. ஆனால் தகவல் சொல்லும் கடிதமே தாமதமாகப் போனாலும், தேதி இல்லாமல் போனாலும், ஒருவருடைய உரிமையில் சிக்கல் உண்டாகும். எனவே காசோலை திரும்பிய அன்றே கடிதம் கிளம்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். மொழியைச் சீராக்கியதைவிட அதைச் செய்வதற்கே அதிகம் போராட வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை எடுத்த 150-ஐ அவருக்குத் திருப்பிக் கொடுத்தோம். கையொப்பக் குறையால் திரும்பிய காசோலையை மறுபடியும் வாங்கிக்கொண்டது எங்கள் கவுன்டரின் பிழை என்று மேலாளரே குறிப்பு எழுதினார்.

அவர் எழுந்து கிளம்பும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. தம் கையொப்பத்தில்தான் குறை என்று நினைத்து, மாதிரி அட்டையில் புதிதாக, அழகாக, முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறாரே! "அம்மா, இதற்கு முன் நீங்கள் யாருக்காவது காசோலை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். நூல் வாங்கிய இடத்தில், பின்னால் வரும் தேதியிட்டு ஒன்று கொடுத்திருப்பதாகச் சொன்னார். அது பழைய கையொப்பத்தில் இருந்தது. வந்தால் எங்கள் வங்கியே அதைத் திருப்பியிருக்கும், அதே காரணத்தைச் சொல்லி. அப்போதே பழைய அட்டையைத் தேடி எடுத்து, அவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கி, பழைய மாதிரியையே மீண்டும் பதிவு செய்தோம். இரண்டு நாள் கழித்து அந்தக் காசோலை பணத்துக்கு வந்தது. கணினித் திரையில் இரண்டு கையொப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நானே அதை அனுமதித்தேன்.